மழைக்கால மும்பையில் பகல் எங்கே போகிறது?

ஜூன் இரண்டாம் வாரத்தில் மும்பைக்குள் நுழையும் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் வாரம் வரை நகரத்தை விட்டு முழுதாகப் போவதில்லை. நடுவில் ஜூலையும் ஆகஸ்டும் இருக்கின்றனவே, அந்த இரண்டு மாதங்களைத்தான் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள நம்மவர்கள் ஒவ்வோர் ஆண்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கடக்கிறார்கள். "மந்தாரமாவே இருக்கு, ஒண்ணும் ஓட மாட்டேங்குது" என்று ஒரு பாட்டி சொல்வார். "எத்தனை மணி நேரம் தூங்கினாலும் தூங்கின மாதிரியே இல்லக்கா" என்று ஒரு மருமகள் சொல்வார். ஆண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை; எரிந்து விழுவார்கள், இல்லாவிட்டால் செல்பேசியில் தலையைப் புதைத்துக்கொள்வார்கள். திருநெல்வேலிப் பக்கம் ஓராண்டு முழுக்கப் பெய்யும் அளவு மழையை மும்பை ஜூலை என்ற ஒரே மாதத்தில் வாங்கிக்கொள்கிறது. நம் ஊர் உடம்புக்கு அது பழக்கமில்லை என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த மூன்றாம் தலைமுறைக்கும் அதே சோர்வு வருகிறதே என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது.

பதில் வானத்தில் இருக்கிறது என்றுதான் நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். சூரியன் இல்லை, அதனால் மனசு வாடுகிறது என்பது கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. கணக்கும் ஓரளவு ஒத்துப்போகிறது. மும்பையில் மே மாதத்தில் நாளுக்குச் சராசரியாக ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் வெயில் அடிக்கும். ஜூலையில் அது இரண்டரை மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் வெயில் என்பது வேறு, பகல் என்பது வேறு. ஆண்டிலேயே மிக நீண்ட பகல்கள் இந்த மழை மாதங்களில்தான் வருகின்றன. ஜூலைத் தொடக்கத்தில் மும்பையில் காலை ஆறு மணியை ஒட்டி விடிகிறது. மாலை ஏழு மணி கடந்துதான் சூரியன் மறைகிறது. பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலான பகல் அது. மேகத்துக்குப் பின்னால் இருந்தாலும் அந்தப் பகல் வெளியே காத்துக்கொண்டுதான் இருக்கிறது. நாம்தான் அதன் கீழே போய் நிற்பதில்லை.

இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் மனச்சோர்வை மருத்துவ உலகம் முறையாக விவரித்தது 1984இல். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் பணியாற்றிய நார்மன் ரோசன்தாலும் அவருடைய சகாக்களும் அதை எழுதினார்கள். தென்னாப்பிரிக்காவின் வெயிலில் வளர்ந்து, அமெரிக்கக் குளிர்காலத்துக்குக் குடிபெயர்ந்தவர் ரோசன்தால். அங்கே டிசம்பரில் பகலே சுருங்கிவிடும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. அதற்கு மருந்தாக அவர்கள் விடிகாலையில் செயற்கையாகப் பகலை உண்டாக்கினார்கள். பிரகாசமான விளக்குப் பெட்டியின் முன்னால் நோயாளிகளை உட்கார வைத்தார்கள், பலருக்குப் பலித்தது. அந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு, நமக்கும் அதே விளக்குப் பெட்டி வேண்டும் என்று சிலர் இணையத்தில் தேடி வாங்குகிறார்கள். மும்பையின் நிலைமை ஸ்டாக்ஹோமின் நிலைமை அல்ல. அங்கே குளிர்காலத்தில் பகலே குறைவு. இங்கே பகல் இருக்கிறது, கூரைக்கு வெளியே.

ஒளி மனதை எப்படித் தொடுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்காகச் சந்திக்கும் இடத்துக்கு மேலே, ஒரு சிறிய நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. உறக்கம், பசி, உடல் வெப்பம், சுரப்பிகளின் வேலை எல்லாவற்றுக்கும் நேரம் குறித்துக்கொடுப்பது அதுதான். அந்தக் கடிகாரம் தன் போக்கில் விட்டால் பெரும்பாலானவர்களுக்கு இருபத்து நான்கு மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடும். தினமும் அதைச் சரிசெய்து வைப்பது காலை வெளிச்சம். விழித்திரையில் பார்வைக்கான செல்களைத் தவிர, வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் அளந்து இந்தக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் வேறு வகைச் செல்களும் உண்டு. இதை 2002இல்தான் உறுதியாகக் கண்டார்கள். இந்தச் செல்களுக்கு உருவமும் முகமும் தேவையில்லை, வெளிச்சத்தின் அளவுதான் தேவை. அளவு போதாவிட்டால் செய்தி மங்கிப்போகும். கடிகாரம் நாளுக்குச் சில நிமிடம் என்று பின்தங்கும். இரவு பதினொன்றுக்கு வர வேண்டிய தூக்கம் ஒரு மணிக்கு வரும். காலையில் அலாரம் அடிக்கும்போது உடம்புக்கு அது இன்னும் நடுஇரவாகவே இருக்கும். எழுந்தும் எழாத கனம், கைகால் அசதி, மாவுப் பண்டத்தின் மேல் ஏக்கம், மனதில் ஒட்டாமை எல்லாம் அந்தத் தடுமாற்றத்தோடு சேர்ந்து வருகின்றன. ஒளி நேரடியாகவும் மனநிலையைத் தொடுகிறது என்பதற்கு ஆதாரங்கள் உண்டு. ஆனால் மழைக்காலச் சோர்வில் கைக்கு எட்டும் கயிறு இந்தக் கடிகாரம்தான்.

சரி, எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். ஆண்ட்ராய்டு செல்பேசியில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டால் யாரும் அளந்து பார்க்கலாம். செல்பேசிக்குச் செல்பேசி எண் மாறும் என்பதால் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். திரையைத் தரைக்கோ கூரைக்கோ காட்டாமல், உங்கள் கண் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கண் உயரத்தில் பிடிக்க வேண்டும். மழை நாளில் வீட்டுக்குள், டியூப்லைட் எரியும் அறையில், பெரும்பாலும் நூறு லக்ஸை ஒட்டித்தான் காட்டும். சுவரைப் பார்த்த மூலையில் அது முப்பது, நாற்பது என்று இறங்கும். வாசற்படிக்கு வந்து தெருவைப் பார்த்து நின்றால் சில நூறு. மொட்டை மாடிக்கோ திறந்த சாலைக்கோ போனால், வானம் சாம்பல் பூத்துக் கிடக்கும்போதும் பல ஆயிரம். கருமேகம் இறங்கிக் கொட்டும்போதுகூட ஆயிரத்துக்கு மேல் நிற்பதுண்டு. நம் கண் எந்த வெளிச்சத்துக்கும் தன்னைப் பழக்கிக்கொள்வதால் இந்த வித்தியாசத்தை நாம் உணர்வதே இல்லை. டியூப்லைட் போட்ட அறை வெளிச்சமாக இருக்கிறது, வெளியே இருண்டு கிடக்கிறது என்று நமக்குத் தோன்றும். அளந்து பார்த்தால் தலைகீழ். வெளியே உள்ளதைவிட ஐம்பது மடங்கு இருட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, வெளியே இருட்டு என்று ஜன்னலைச் சாத்திவிடுகிறோம்.

தாராவியில் இந்த இருட்டு இரட்டிப்பாகிறது. மே மாதக் கடைசியிலேயே கூரைகளுக்கு மேல் நீலத் தார்ப்பாய் ஏறிவிடும். ஒழுகாமல் இருக்க அது வேண்டும்தான், வேறு வழியில்லை. ஆனால் வாசலுக்கு முன்னாலும் அதே நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது, எதிரெதிர் வீடுகளின் தார்ப்பாய்கள் ஒன்றையொன்று தொட்டு, சந்துக்குள் இருந்த கொஞ்சநஞ்ச வானமும் மூடிப்போகிறது. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் வேறு விதம். பால்கனியைக் கண்ணாடி வைத்து அடைத்து அறையாக்கியிருப்பார்கள், அதற்குள் துணி காயப்போட்ட கொடி தொங்கும். நான்கு நாளாகக் காயாத புடவைகள் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருக்கும். செம்பூரின் அடுக்குமாடிகளில் சாரல் வருகிறதென்று திரையை இழுத்துவிடுகிறார்கள். மூன்று பேட்டையிலும் விளைவு ஒன்று.

ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். தாராவியில் அறுபதடிச் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்து. நூறு சதுர அடிக் கோலி, மேலே ஒரு மாடம். அந்த வீட்டு அம்மா ரெடிமேட் துணிகளுக்கு நூல் வெட்டி, பட்டன் தைத்துக் கொடுக்கிறார், எண்ணிக்கைக் கூலி. மற்ற மாதங்களில் காலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும்போது எழுந்து, பிடித்து வைத்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு நடத்திக்கொண்டு போய் விட்டுவிட்டு, காய்கறி வாங்கித் திரும்புவார். மழை வந்ததும் தண்ணீர் பிடித்த கையோடு மறுபடி படுத்துவிடுகிறார், இருட்டிக்கொண்டுதானே இருக்கிறது. பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் பிள்ளையோடு சேர்த்துக் கூட்டிப்போகிறார். எட்டரை மணிக்கு எழும்போது தலை பாரமாக இருக்கிறது. உள் மூலையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். காலையில் செய்ய வேண்டியது இரவுக்குத் தள்ளிப்போகிறது. பன்னிரண்டு மணிக்குப் படுத்தால் தூக்கம் வருவதில்லை, செல்பேசி ஒரு மணி வரைக்கும் ஓடுகிறது. மறுநாள் ஐந்து மணிக்குத் தண்ணீர். ஜூலை முடிவதற்குள் எடுத்த துணிக்கட்டு பாதியில் நிற்கிறது, கூலி குறைகிறது, எரிச்சல் பிள்ளையின் மேல் பாய்கிறது. தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவர் நினைக்கத் தொடங்குகிறார்.

இவர் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்? இரவைப் பிடித்து இழுக்க முடியாது. படு என்றால் தூக்கம் வராது. எழும் நேரத்தைத்தான் கட்ட முடியும். அதற்கு இவர் வீட்டில் ஏற்கெனவே ஓர் ஆணி அடித்திருக்கிறது, தண்ணீர் வரும் நேரம். தண்ணீர் பிடித்த பின் மறுபடி படுப்பதை நிறுத்துவதுதான் முதல் வேலை, மிகக் கடினமான வேலையும் அதுவே. முதல் மூன்று நான்கு நாள் பகலில் கண் சொருகும். மதியம் மூன்று மணிக்கு முன்னால் இருபது நிமிடம் படுக்கலாம். அதற்கு மேல் போனால் அது இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும். ஐந்து மணிக்கு எழுகிறவர் இரவு பத்து, பத்தரைக்குள் படுக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் டியூப்லைட்டை அணைத்துவிட்டு மங்கலான ஒரு பல்பு போதும். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுப்பது போலவே, இரவு வெளிச்சம் அதைப் பின்னால் தள்ளும்.

இரண்டாவது, வானத்துக்குக் கீழே போவது. விடிந்த பின், ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில், அரை மணி முதல் முக்கால் மணி நேரம். பிள்ளையைப் பள்ளிக்கு இவரே நடத்திக்கொண்டு போனால் அதிலேயே பாதி முடிந்துவிடும். திரும்பும்போது நேரே சந்துக்குள் புகாமல் தொண்ணூறடிச் சாலை வரை ஒரு சுற்று. இதில் சின்னதாக ஒரு சங்கதி இருக்கிறது. கறுப்புக் குடை தலைக்கு மேல் இருக்கும் வானத்தை முழுதாக மறைத்துவிடும். கண்ணுக்கு வர வேண்டிய வெளிச்சத்தில் பெரும்பங்கு போய்விடும். ரயில் நிலையங்களுக்கு வெளியே விற்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குடையோ மழைக்கோட்டோ இருந்தால் அந்த இழப்பு இல்லை. வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மேகம் விலகிச் சூரியன் தெரிந்தால் அதை உற்றுப் பார்க்கவே கூடாது. கண் திறந்து, திறந்த வெளியில் இருந்தால் போதும்.

மூன்றாவது, உட்காரும் இடத்தை மாற்றுவது. உள் மூலையை விட்டு வாசலுக்கு வந்து, முகத்தைத் தெருவுக்குக் காட்டி உட்கார்ந்து பட்டன் தைத்தால் வெளிச்சம் பல மடங்கு கூடும். சாரல் அடிக்கும் என்பதற்காகத்தானே நீலத் தார்ப்பாய்? வாசலுக்கு முன்னால் மட்டும் அதை எடுத்துவிட்டு வெள்ளையாக ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக்கையோ ஃபைபர் ஷீட்டையோ கட்டலாம். தாராவியின் பட்டறைகளில் கூரைக்கு நடுவே வெளிச்சத்துக்காக அப்படி ஒரு ஷீட் போடுவது பழைய வழக்கம். வேலைக்குப் போட்டதை வீட்டுக்கும் போடலாம். எதிர் வீட்டுக்காரரும் மாற்றினால் சந்துக்கே பகல் திரும்பும். நமக்காக மட்டும் செய்துகொள்ள முடியாத காரியங்களில் இதுவும் ஒன்று.

நேரத்தைக் கட்டுவது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். அட்டவணை என்றதும் ஆறு மணிக்கு யோகா, ஆறரைக்குக் கஷாயம், ஏழுக்குத் தியானம் என்று எழுதி சுவரில் ஒட்டுகிறார்கள். மூன்றாம் நாள் ரெட் அலர்ட் வருகிறது, அட்டவணை கிழிகிறது, கிழிந்த அட்டவணையே புதிய சோர்வாகிவிடுகிறது. இருமுனை மனநோய் உள்ளவர்களுக்காக அமெரிக்காவில் எலன் ஃபிராங்க் என்ற உளவியலாளர் உருவாக்கிய சிகிச்சையில் ஒரு நாளின் ஐந்து நேரங்களை மட்டும் குறிக்கச் சொல்வார்கள். படுக்கையை விட்டு எழுந்தது, முதன்முதலில் இன்னொரு மனிதரோடு பேசியது, வேலையைத் தொடங்கியது, இரவு உணவு, படுத்தது. ஒவ்வொன்றும் வழக்கமான நேரத்திலிருந்து முக்கால் மணிக்குள் நடந்தால் சரி என்று கணக்கு. நோய் இல்லாதவர்க்கும் இது நல்ல அளவுகோல். பட்டியலில் மனிதரோடு பேசுவதும் இருப்பதைக் கவனியுங்கள். மழையில் முதலில் அறுந்துபோவது அதுதான். தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்புறமே போதும்; ஐந்து நேரங்களை எழுதி வைக்கலாம். வாரத்தில் ஐந்து நாள் ஒத்துப்போனால் அது நல்ல வாரம்.

இதே தாராவியில் இட்லி அவித்துச் சைக்கிளில் ஊர் முழுக்கக் கொண்டுபோய் விற்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள். ஊரே முடங்கிய நாளிலும் அவர்கள் அடுப்பு விடியுமுன் எரிந்துவிடும். விடிந்ததும் வானத்துக்குக் கீழே மிதித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் உழைப்பைக் கொண்டாடி இதைச் சொல்லவில்லை. அந்தத் தொழில் முதுகை ஒடிக்கும் தொழில். ஆனால் நேரம், வெளிச்சம், உடல் அசைவு, நாலு பேரோடு பேச்சு எல்லாம் ஒரே வேலைக்குள் கட்டப்பட்டிருப்பதால் தனியாக எதையும் முடிவெடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்து வேலை பார்க்கும் பெண்களுக்கும், ஓய்வு பெற்ற முதியவர்களுக்கும், மடிக்கணினியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்கும் அந்தக் கட்டு இல்லை. அவர்கள்தான் முதலில் சரிகிறார்கள்.

நடை பற்றியும் ஒரு சொல். மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸிலும் செம்பூரின் டைமண்ட் கார்டனிலும் கோடையில் வட்டமடிக்கும் பெரியவர்கள் ஜூன் பாதியில் காணாமல்போய் அக்டோபரில் திரும்பி வருகிறார்கள். நான்கு மாதம் நடக்காத கால்கள் அவை. தினமும் ஒரு மணி நேரம் வேண்டும் என்பதில்லை. பத்து நிமிடமாக மூன்று முறை நடந்தாலும் நடைதான். கட்டடத்தின் மாடிப்படி இருக்கிறது, ரயில்வே மேம்பாலம் இருக்கிறது. சேடா நகர் முருகன் கோவிலின் நூற்றெட்டுப் படிகள் மழை விட்ட நேரத்தில் ஏறக் கிடைக்கின்றன. ஈரத்தில் வழுக்கும், கைப்பிடியை விடாமல் ஏற வேண்டும். ஆனால் தேங்கிய தண்ணீரில் இறங்கி நடப்பதைத் திடமனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட் ஓரமும் சயானும் முழங்கால் அளவு நிறைவது ஆண்டுதோறும் நடப்பது. அந்தத் தண்ணீரில் எலிச் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் பரவும். காலில் புண்ணோடு அதில் இறங்கியவர்கள் தாமதிக்காமல் மாநகராட்சி மருந்தகத்தில் சொல்லித் தடுப்பு மருந்து கேட்க வேண்டும். அப்படிப்பட்ட நாளில் வீட்டு வாசலில் நிற்பதும், மாடிப்படியில் நான்கு முறை ஏறி இறங்குவதும் போதும். எழும் நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இதெல்லாம் நல்ல அறிவுரைதான், சோர்ந்தவருக்கு எழவே மனம் வராதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருப்பதுதான் சோர்வின் கண்ணி. செயலை முதலில் வைத்தால் மனம் பின்னால் வரும் என்ற கருத்தை நம் கடற்கரையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மும்பையைப் போலவே மழையில் நனையும் கோவாவில், சங்கத் என்ற அமைப்பும் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் மனச்சோர்வு கடுமையாக இருந்த ஏறத்தாழ 500 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிக்கு, அதோடு சேர்த்து, ஆறு முதல் எட்டு அமர்வுகள். நடத்தியவர்கள் மருத்துவர்களோ உளவியலாளர்களோ அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர் மக்கள். அவர்கள் செய்ததும் சிக்கலானதல்ல. எந்தச் செயல் விட்டுப்போயிருக்கிறது என்று கேட்டு, அதில் மிகச் சிறிய ஒன்றை எடுத்து, எந்த நாள், எந்த நேரம் என்று குறித்து, அடுத்த வாரம் வந்து நடந்ததா என்று கேட்டு, தடையாக இருந்ததை அவிழ்த்தார்கள். 2017இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மூன்று மாதத்தில் இந்தப் பிரிவில் 64 சதவீதம் பேர் நோய்க்குறிகளிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் 39 சதவீதம். இது மழைக்காலச் சோர்வுக்கென்று செய்த ஆய்வு அல்ல. ஆனாலும், நாம் மேலே பார்த்த அம்மாவுக்குத் தேவை நீண்ட உபதேசம் அல்ல, "நாளைக்கு நீங்களே பிள்ளையைக் கொண்டுபோய் விடுறீங்களா அக்கா?" என்று கேட்டு, மறுநாள் மறக்காமல் விசாரிக்கும் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் என்பதை அது காட்டுகிறது.

பலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சந்தோஷம் வந்ததா என்று பார்க்க வேண்டாம், அது கடைசியில்தான் வரும். முதலில் தூக்கம் சொன்ன நேரத்துக்கு வரத் தொடங்கும். அடுத்து, காலைக் கனம் பதினொரு மணி வரை இழுத்தது ஒன்பதுக்கே விலகும். பிறகு, பாதியில் நின்ற வேலை நகரும். இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் இவற்றில் ஒன்றும் நடக்காவிட்டால், அல்லது பெரும்பாலான நேரம் துக்கமோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், வெளிச்சத்தையும் நடையையும் மட்டும் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு ஆகியவையும் இதே முகத்தோடு வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றே, அப்போதே, அந்த எண்ணைக் கூப்பிட வேண்டும். வீட்டில் ஒருவரிடம் சொல்லவும் வேண்டும்.

விளக்குப் பெட்டி வாங்கியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு: பல ஆய்வுகளில் பயன்பட்டது 10,000 லக்ஸ், விடிகாலையில் அரை மணி நேரம். அந்த அளவு எந்தத் தூரத்தில் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். மலிவான சிறு விளக்குகள் முகத்தை ஒட்டிப் பிடித்தால்தான் அந்த எண்ணைத் தொடும். மேசையில் வைத்தால் அதில் சிறு பங்குதான் கண்ணுக்கு வரும். இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு இந்த ஒளியே மனதை மிகையான வேகத்துக்குத் தூக்கிவிடக்கூடும். விழித்திரை நோய் உள்ளவர்களும், தோலையோ கண்ணையோ ஒளிக்குக் கூசவைக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

தனிமனிதர் செய்யக்கூடியது இவ்வளவு. இதற்கு மேல் நகரம் செய்ய வேண்டியது இருக்கிறது, அதைச் சொல்லாமல் நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் சபாக்களுக்கும் கோவில்களுக்கும் கூரை போட்ட, பக்கம் திறந்த மண்டபங்கள் இருக்கின்றன. ஜூலை, ஆகஸ்டு இரண்டு மாதம் காலை ஆறரை முதல் எட்டு வரை அவற்றைப் பூஜைக்கு வராதவர்களுக்கும் நடக்கவும் உட்காரவும் திறந்துவிட்டால் செலவென்று எதுவும் இல்லை. தாராவியில் இருக்கும் தமிழ்ச் சங்கங்களும் இதைச் செய்ய முடியும்.

பெரிய கேள்வி வீடுகளைப் பற்றியது. குடிசைகளை அகற்றி மாடி வீடு கொடுத்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்குச் செம்பூருக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கோவண்டியின் நட்வர் பாரேக் காம்பவுண்டிலும் மான்குர்த்தின் லல்லுபாய் காம்பவுண்டிலும் கட்டடங்களுக்கு இடையே மூன்று மீட்டர் அளவே விட்டுக் கட்டினார்கள். டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே கீழ் மாடிகளுக்கு வெளிச்சமும் காற்றும் போய்ச் சேரவில்லை என்பதையும், காசநோய் மிகுந்திருப்பதையும் சேர்த்துக் காட்டியது. நுரையீரலுக்கு ஆனதை அளந்தார்கள். அதே இருட்டில் மனதுக்கு ஆனதை யாரும் அளந்ததாக நான் அறியவில்லை. இப்போது தாராவி மறுசீரமைப்பில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவித்திருக்கிறார்கள். சதுர அடியைப் பற்றி நடக்கும் பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சத்தைப் பற்றி நடக்கவில்லை. வரைபடத்தை விரித்து விளக்க வரும் அதிகாரிகளிடம் தாராவிக்காரர்கள் கேட்க வேண்டியது இதுதான்: முதல் மாடியில் இருக்கும் வீட்டின் சமையல் மேடையருகே, ஜூலை மாத மந்தார நாளில் காலை எட்டு மணிக்கு, விளக்குப் போடாமல் எத்தனை லக்ஸ் வரும்? கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே எத்தனை மீட்டர்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.